கீட்டோனோடு வந்த சுகர், மாத்திரைக்கு மாறும்போது நடக்கும் தவறுகள்

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் 38 வயதுக்காரர் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எடை 80 கிலோ, அப்பாவுக்கும் சுகர். மூன்று வாரமாக அடங்காத தாகம். அதற்குக் கரும்புச்சாறும் கலர் சோடாவும். பிறகு வாந்தி, மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் சர்க்கரை 520, இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனும், அதனால் அமிலமும் ரத்தத்தில் ஏறிக் கிடக்கின்றன.

"கீட்டோன் வந்துட்டா டைப் 1 தான், ஆயுசுக்கும் ஊசிதான்" என்று அங்கேயே முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. டைப் 2 ஆட்களுக்கும் இது வரும். சர்க்கரையும் கொழுப்பு அமிலங்களும் நாள்கணக்கில் ஏறியே நின்றால் கணையத்தின் பீட்டா செல்கள் மரத்துப்போய் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. டைப் 1-ல் அவை அழிகின்றன. இங்கே மயங்கித்தான் கிடக்கின்றன. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கினால், சில வாரங்களில் பலருக்குச் சுரப்பு திரும்பிவிடுகிறது.

சி-பெப்டைடு பரிசோதனை நம் உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். அதை அட்மிஷன் அன்றே எடுப்பதில் பயனில்லை. மயங்கிய செல்லை அளந்தால் குறைவாகத்தானே வரும்? கீட்டோன் அடங்கி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து எடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பு மிச்சமிருக்கிறது. கூடவே, உடம்பே பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி ஆன்டிபாடியும் பார்க்கவேண்டும். அது பாசிட்டிவ் என்றால், இப்போது சுகர் நன்றாக இருந்தாலும் ஊசியை நிறுத்தக்கூடாது; சுரப்பு பின்னால் தேய்ந்துபோகும்.

நம் தறிக்காரருக்கு ஆன்டிபாடி நெகட்டிவ், சி-பெப்டைடு 1.8. வீட்டுக்கு வரும்போது நாளுக்கு 48 யூனிட் இன்சுலின், அதாவது கிலோவுக்கு 0.6. இரண்டு வாரம் தொடர்ந்து காலைச் சர்க்கரை 130-க்குக் கீழே நின்றதும் டாக்டர் கால்பங்கு குறைத்து 36 ஆக்கினார். பிறகு 24, பிறகு 12. பதினோராவது வாரம் ஊசி நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தொடர்ந்தது. எல்லோருக்கும் இதே கணக்கு வராது. பலருக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், சிலருக்கு ஊசி நிற்பதே இல்லை. வழியில் தாழ்சர்க்கரை வந்தால் அது அளவைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி. அதற்காக மொத்தமாக நிறுத்திவிட்டுச் சிறுகுறிஞ்சாப் பொடிக்குப் போனால் கீட்டோன் திரும்பும்.

மாத்திரைக்கு மாறியபின் கவனமில்லாமல் நடக்கும் தவறு, டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை எடுப்பது. இவை சிறுநீரில் சர்க்கரையைக் கழிப்பவை. சர்க்கரை 180 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கீட்டோனை ஏற்றிவிடும். மீட்டரை நம்பி ஏமாறுவோம். ஒருமுறை கீட்டோன் வந்தவர் புது டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லவேண்டியது அதைத்தான்.

ஊசி நின்றதால் கணக்கு தீர்ந்ததாக நினைத்து மெட்ஃபார்மினையும் விட்டுவிட்டால் சர்க்கரை மெல்ல ஏறி, செல்கள் மறுபடி மயங்கும். காலைச் சர்க்கரை வாரம் இரண்டு முறையாவது பாருங்கள். 250 தாண்டினாலோ, காய்ச்சல், வாந்தி வந்தாலோ மெடிக்கலில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பில் சிறுநீரைப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஸ்ட்ரிப்புக்கும் காத்திருக்கவேண்டாம்.