உழைப்பாளியும் உழைப்பவரும்: உருபன் பிரிப்பதில் நேரும் தவறுகள்

பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறுதான் உருபன். தனியே சொன்னாலே சொல்லாக நிற்பது தனியுருபன். இன்னொன்றோடு ஒட்டினால் மட்டுமே வருவது கட்டுருபன். ஒட்டுகளில் சில புதிய சொல்லை ஆக்கும், சில இருக்கும் சொல்லுக்கே எண், வேற்றுமை, காலம் போன்றவற்றை ஏற்றும். முன்னது ஆக்கம், பின்னது திரிபு. இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட ஒரு சொல்லைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை ‘உழை’ என்ற ஒரே வினையை வைத்துப் பார்க்கலாம்.

‘உழைப்பாளிகளுக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பலரும் முதலில் செய்வது எழுத்தைப் பார்த்து வெட்டுவது: உழைப் + பாளி + களுக்கு. தமிழ் எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாகிவிடுவதால், உருபன்களின் எல்லை பெரும்பாலும் ஓர் எழுத்தின் நடுவில்தான் விழும். ‘பா’ என்பதில் ப் ஓர் உருபனுடையது, ஆ அடுத்ததுடையது. ‘ளு’ என்பதிலும் அப்படியே. ஆகவே பிரிக்கும் முன் சொல்லை மெய், உயிர் என்று உடைத்து எழுதிவிட வேண்டும். உழைப்பு + ஆளி சேரும்போது ‘பு’வின் உகரம் கெடுகிறது என்பதையும் நினைவில் வைத்தால் சரியான பிரிப்பு வரும்: உழை + ப்பு + ஆளி + கள் + உக்கு. ஐந்து உருபன்கள்; ‘உழை’ மட்டும் தனியுருபன், மற்ற நான்கும் கட்டுருபன்கள். ‘மரத்தை’ என்பதில் ‘தை’யை வேற்றுமை உருபு என்று எழுதுவதும் இதே தவறுதான். அங்கே உருபு ‘ஐ’ மட்டும். ‘த்த்’ முன்னால் உள்ள அத்துச் சாரியையின் பங்கு.

‘உழை’ தனியுருபன் என்பதற்குச் சான்று, அது தனியாகவே ஏவலாக நிற்பதுதான். தமிழில் பெரும்பாலான வினையடிகள் இப்படி நிற்பதால், பகுதி என்றாலே தனியுருபன் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறோம். ‘நன்மை’யைப் பாருங்கள். அதன் பகுதி நல். இன்றைய தமிழில் ‘நல்’ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நல்ல, நன்மை, நல்வாழ்வு என்று எதனோடாவது சேர்ந்தே வரும். பொருளின் கனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது, ஆனாலும் அது கட்டுருபன். பொருள் முழுதாக இருப்பது வேறு, தனித்து நிற்பது வேறு.

‘தீமை’ இன்னும் ஏமாற்றும். தீ என்றொரு சொல் தனியே இருக்கிறதே என்று அதைத் தனியுருபன் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அந்தத் தீ நெருப்பு. தீமை, தீய, தீங்கு ஆகியவற்றில் உள்ள தீ வேறு. அது தனித்து வருவதில்லை. ‘கத்தியால்’ என்பதில் உள்ள ஆல் ஆலமரம் இல்லை, ‘அன்போடு’ என்பதில் உள்ள ஓடு கூரை ஓடும் இல்லை. ஒலி ஒத்தால் போதாது, அந்த இடத்தில் அதே பொருளும் இருக்க வேண்டும்.

இதே பொறி ஒட்டுகளிலும் உண்டு. உழைப்பு, உழைப்பான் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் இரண்டிலும் ‘ப்ப்’ தெரிகிறது. உழைப்பு என்பதில் ‘ப்பு’ வினையைப் பெயராக்கும் ஆக்க விகுதி. உழைப்பான் என்பதில் ‘ப்ப்’ எதிர்கால இடைநிலை, ‘ஆன்’ பால் காட்டும் விகுதி. எது எது என்று தெரிய, காலத்தை மாற்றிப் பார்த்தால் போதும். உழைத்தான், உழைக்கிறான் என்று மாறும்போது ‘ப்ப்’ போய் வேறு இடைநிலை அங்கே உட்கார்ந்துகொள்கிறது. உழைப்பு அப்படி மாறாது. அறிவு, அறிவான் என்ற இணையும் இதே கதைதான்.

பள்ளி இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உழைப்பு என்பதில் உள்ள ‘ப்பு’, உழைப்பான் என்பதில் உள்ள ‘ஆன்’ இரண்டுக்குமே அங்கே விகுதி என்றுதான் பெயர். பகுபத உறுப்புகள் சொல்லில் எந்த இடத்தில் எது நிற்கிறது என்று காட்ட வந்தவை. ஆக்கமா திரிபா என்பது அவற்றின் கேள்வி இல்லை. ‘விகுதி’ என்று எழுதிவிட்டதால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பரவலான தவறு, சொல்வகை மாறினால் ஆக்கம், மாறாவிட்டால் திரிபு என்று சூத்திரம் போடுவது. இரண்டு பக்கமும் இது உடையும். உழைப்பு பெயர், உழைப்பாளியும் பெயர். வகை மாறவில்லை, ஆனால் செயலின் பெயர் ஆளின் பெயராகிவிட்டது. ‘ஆளி’ ஆக்க விகுதிதான். கடை, கடைக்காரர் என்பதும் அப்படித்தான்.

மறுபக்கம் ‘உழைப்பவர்’. வினையிலிருந்து வந்து பெயர்போல வேற்றுமை ஏற்கிறது: உழைப்பவருக்கு, உழைப்பவரை. சூத்திரப்படி இது ஆக்கமாக வேண்டும். ஆனால் உள்ளே வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. உழைத்தவர், உழைக்கிறவர், உழைக்காதவர் என்று காலமும் எதிர்மறையும் ஏற்கிறது. எந்த வினையோடும் இப்படியே வருகிறது. உழைப்பாளிக்கு இறந்தகாலம் கிடையாது. முன்னால் வரும் அடையையும் கவனியுங்கள். ‘கடினமாக உழைப்பவர்’ என்கிறோம், ‘கடினமான உழைப்பாளி’ என்கிறோம். ‘கடினமாக உழைப்பாளி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆக’ வினைக்கு அடை, ‘ஆன’ பெயருக்கு அடை. செயப்படுபொருள் ஏற்கும் வினையில் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும்: ‘பாடத்தைப் படிப்பவர்’ சரி, ‘பாடத்தைப் படிப்பாளி’ வராது. எனவே உழைப்பவர் போன்ற வினையாலணையும் பெயரைத் திரிபின் பக்கம் வைப்பதே பொருத்தம். வகையை மட்டும் பார்க்காமல் ‘ஆக’வைச் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சோதனை பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும்.

எவ்வளவு தாராளமாக ஒட்டுகிறது என்பதும் ஒரு தடயம். ‘ஐ’ எந்தப் பெயரோடும் சேரும், நேற்று வந்த ‘பஸ்’ஸோடும் சேரும். ஆக்க விகுதிகள் அப்படி இல்லை. உழைப்பு, வளர்ச்சி, அறிவு என்று எந்த வினைக்கு எது என்பதைத் தனித்தனியே தெரிந்துவைத்திருக்கிறோம். உழைச்சி, அறிச்சி என்று விருப்பம்போல மாற்ற முடியாது. சில வினைகளில் இரண்டு விகுதிகளும் வந்து பொருள் பிரிந்துபோகும்: அவளுக்கு ‘நினைவு’ திரும்பியது, அவனுக்குப் பெரிய ஆள் என்று ‘நினைப்பு’.

வரிசையையும் சரிபார்க்கலாம். ஆக்க ஒட்டு பகுதிக்கு அருகில், திரிபு ஒட்டு வெளியே. தொழிலாளிகள் உண்டு, ‘தொழில்களாளி’ இல்லை. ஆனால் இதை இரும்பு விதியாக்க வேண்டாம். ‘வீட்டுக்காரர்’ என்பதில் வீடு ‘வீட்டு’ என்று வேற்றுமை ஏற்கும்போது கொள்ளும் வடிவத்துக்கு மாறிய பிறகுதான் ‘காரர்’ என்ற ஆக்க விகுதி ஒட்டுகிறது. இதைக் கண்டு ‘காரர்’ திரிபு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ‘வீட்டு’ என்பது உருபு ஏற்கத் தயாரான அடிவடிவம் மட்டுமே; ‘வீட்டைக்காரர்’, ‘வீடுகள்காரர்’ என்று உருபோ பன்மையோ உள்ளே புகுவதில்லை.

‘உழைத்தல்’ எந்தப் பக்கம் என்பதில் இலக்கணக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. ‘தல்’ அல்லது அதை ஒத்த ஏதோ ஒரு தொழிற்பெயர் வடிவம் எல்லா வினைக்கும் கிடைக்கும், ‘கடினமாக உழைத்தல்’ என்று வினையடையையும் ஏற்கும். ஆனால் காலம் காட்டாது. விடைத்தாளில் இது வந்தால், எந்தச் சோதனையை வைத்து எந்தப் பக்கம் சேர்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.