ஸ்குவாஷ் பாட்டிலில் 202 ஆ, 222 ஆ?

சித்திரை வெயிலில் மதுரைக் கடைகளில் ஸ்குவாஷ் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், லேபிளைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, உணவில் சேர்க்கும் பொருள்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைப் பாருங்கள். 100 வரிசை பெரும்பாலும் நிறமி. 200 வரிசை பெரும்பாலும் பதப்படுத்தி. ‘பெரும்பாலும்’ என்பதை மறக்க வேண்டாம்: 270 புளிப்புக்காகச் சேர்க்கும் லாக்டிக் அமிலம்.

வளைந்த பாட்டிலில் விளிம்பு எண்கள்தான் மங்கும். அண்மையில் அண்ணி அனுப்பிய படத்தில் ‘பிரிசர்வேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பின் இருந்த எண் 202 போலவும் 222 போலவும் தெரிந்தது. 202 பொட்டாசியம் சார்பேட். 222 சல்ஃபைட், 220 முதல் 228 வரை அந்தக் குடும்பம்தான், சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. ஆகவே கடைசி இலக்கம் அழிந்தாலும் பாதகமில்லை, நடு இலக்கம்தான் முக்கியம். இங்கே பிரிசர்வேட்டிவ் என்ற வகைப்பெயர் உதவாது, இரண்டுமே அதுதான்.

அப்போது பட்டியலுக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரியைத் தேடுங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சல்ஃபைட் இருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அண்ணியின் படத்தில் அந்த வரியே சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது! ஃபிளாஷை அணைத்து, பாட்டிலைச் சற்றுச் சுழற்றி மறுபடி எடுக்கச் சொன்னேன். ‘சல்ஃபைட் உள்ளது’ என்று தெளிவாக வந்தது. எவ்வளவு என்பதை மட்டும் எந்த எண்ணும் சொல்லாது.