மூன்றாவது எக்சிட் எது? மலையிலிருந்து இங்கிலாந்து போய் கார் ஓட்டுபவருக்கு

பர்லியாறு தாண்டி குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏறிப் பழகிய கைக்கு இங்கிலாந்தின் சாலை பெரிய சோதனை இல்லை. ஸ்டியரிங் வலப்பக்கம், வண்டி ஓடுவது இடப்பக்கம், எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். இந்தியக் கார் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால், அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்தே ஓட்டலாம். தடுமாற வைப்பவை பலகையில் எழுதியிருக்கும் நாலைந்து சொற்கள். ரவுண்டானா, ஒன்வே, டைவர்ஷன் எல்லாம் நாமும் தினம் சொல்லும் சொற்கள்தான். ஆனால் அங்கே அந்தச் சொல்லைப் பார்த்ததும் கையும் காலும் செய்ய வேண்டிய வேலை வேறு. ரவுண்டானாவில்தான் அதிகம் சறுக்குகிறார்கள் என்பதால் அதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

ரவுண்டானாவுக்கு முன்: கிவ் வே

சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணத்துக்குள் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள் இருந்தால், முன்னால் ரவுண்டானா வருகிறது. வாசலில் தலைகீழ் முக்கோணப் பலகையில் 'கிவ் வே' என்று இருக்கலாம். பலகை இல்லாவிட்டாலும் தரையில் குறுக்கே விட்டு விட்டு வெள்ளைக் கோடு இருக்கும். வலப்பக்கத்திலிருந்து சுற்றி வருபவருக்கு வழிவிடு என்பது பொருள். நின்றே ஆக வேண்டும் என்று இது சொல்லவில்லை. வலப்பக்கம் காலியாக இருந்தால் இரண்டாவது கியரில் உருண்டபடியே உள்ளே போகலாம். எண்கோணச் சிவப்புப் பலகையில் 'ஸ்டாப்' என்று இருந்தால் மட்டும், சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும்.

ஊட்டி சேரிங் கிராஸில் சீசன் நேரத்தில் யார் முதலில் மூக்கை நுழைக்கிறாரோ அவர் போவார். இங்கிலாந்தில் அப்படி நுழைத்தால், சுற்றி வருபவர் உங்களுக்காக பிரேக் பிடிப்பார் என்று நம்ப முடியாது. வழி தன்னுடையது என்ற எண்ணத்தில் அவர் வேகத்தைக் குறைக்காமலே வருவார்.

புதியவர் இடிப்பது பெரும்பாலும் முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைத்தான். நடப்பது இதுதான்: முன்கார் நகர்கிறது, அது போய்விட்டது என்று நினைத்து நீங்கள் வலப்பக்கம் பார்த்தபடியே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள், அவர் தயங்கி மறுபடி நிறுத்துகிறார். முன்கார் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே தலையை வலப்பக்கம் திருப்புங்கள்.

எக்சிட்டை எண்ணுவது

'தேர்ட் எக்சிட் எடுங்கள்' என்று வழிகாட்டிக் கருவி சொல்லும். எதை எண்ணுவது? கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நுழையும் இடம் 6 மணி. வண்டிகள் கடிகாரம் சுற்றும் திசையிலேயே சுற்றும். ஆகவே இடப்பக்கச் சாலை 9 மணி, நேர் சாலை 12 மணி, வலப்பக்கச் சாலை 3 மணி. நாலு கை உள்ள சாதாரண ரவுண்டானாவில் இவைதான் முதல், இரண்டாவது, மூன்றாவது எக்சிட். நான்காவது என்றால் வந்த வழியே திரும்புவது.

எண்ணும்போது, வெளியே போக முடிகிற ஒவ்வொரு வாயும் கணக்கில் வரும். சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங்குக்குப் போகிற குட்டிச் சாலைகூட ஒரு எண்தான். உள்ளே வருவதற்கு மட்டும் உள்ள வாய் கணக்கில் வராது. அங்கே சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை போட்ட 'நோ என்ட்ரி' பலகை இரண்டு பக்கமும் நிற்கும்.

ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். ஐந்து கை உள்ள ரவுண்டானா. நீங்கள் 6 மணியில் நிற்கிறீர்கள். 8 மணியில் சூப்பர் மார்க்கெட், 10 மணியில் டவுன் போகும் சாலை, 12 மணியில் உள்ளே வருவதற்கு மட்டுமான வழி, 2 மணியில் நீங்கள் போக வேண்டிய சாலை. கருவி 'தேர்ட் எக்சிட்' என்கிறது. 12 மணி வாயையும் சேர்த்து எண்ணினால், மூன்று அங்கேயே முடிந்துவிடும். எதிரில் வரும் வண்டிக்குள் போய் நிற்பீர்கள். அதை விட்டுவிட்டு எண்ணினால் 2 மணிச் சாலைதான் மூன்று.

இனி லேன். போக வேண்டிய இடம் 12 மணிக்குள் இருந்தால் இடது லேன், 12ஐத் தாண்டினால் வலது லேன் என்பது பொதுக் கணக்கு. தரையில் அம்புக்குறியோ சாலை எண்ணோ வேறு விதமாக எழுதியிருந்தால் தரை சொல்வதுதான் சரி. நம் உதாரணத்தில் 2 மணி. ஆகவே வருவதற்கு முன்பே கண்ணாடி பார்த்து, வலது இன்டிகேட்டர் போட்டு, வலது லேனில் சேருகிறீர்கள். கோட்டில் வலப்பக்கம் பார்த்து இடைவெளி கிடைத்ததும் உள்ளே போய், நடுத்திட்டை ஒட்டிச் சுற்றுகிறீர்கள். 8 போகிறது, 10 போகிறது. நீங்கள் இறங்கும் சாலைக்கு முந்தைய எக்சிட்டைத் தாண்டியதும் இடது இன்டிகேட்டர் என்பது விதி. ஆனால் இங்கே 12 மணி வாயில் ஒருவர் நுழையக் காத்திருப்பார். 10 தாண்டிய கையோடு இடது போட்டால், நீங்கள் தனக்கு முன்பே வெளியேறுகிறீர்கள் என்று அவர் குறுக்கே வரலாம். அந்த வாயைக் கடக்கும்போது போடுங்கள். இடது கண்ணாடியும் இடது தோள்பக்கமும் பார்த்துவிட்டு 2 மணியில் வெளியே வாருங்கள்.

எக்சிட் தவறிவிட்டதா? இன்னொரு சுற்று சுற்றுங்கள். ரவுண்டானாவின் நல்ல குணமே இதுதான். நடுவில் பிரேக் போட்டு நிற்பதும், வலது லேனிலிருந்து திடீரென இடப்பக்கம் வெட்டுவதும்தான் ஆபத்து.

நம் கைப்பழக்கம் இரண்டு அங்கே உதவாது. நேராகப் போவதற்கு நாலு இன்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் வழக்கம் ஒன்று. நேராகப் போவதென்றால் நுழையும்போது எந்த இன்டிகேட்டரும் வேண்டாம். முதல் எக்சிட் தாண்டியதும் இடது போட்டால் போதும். இன்னொன்று ஹெட்லைட். நம் ஊரில் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று பொருள். அங்கே பலர் 'நீங்கள் போங்கள்' என்பதற்கு அடிப்பார்கள். விதிப் புத்தகத்தின்படி 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளே இல்லை. ஆகவே நீங்கள் அடிக்காதீர்கள். அடுத்தவர் அடித்தாலும் அதை மட்டும் நம்பிக் காலை எடுக்காதீர்கள்.

மினி ரவுண்டானா என்று ஒன்று உண்டு. நடுவில் திட்டு இருக்காது, தரையில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் இருக்கும். பலகை நீல வட்டத்தில் மூன்று வெள்ளை அம்புகள். வட்டத்தின் மேலேயே ஏறிப் போகத் தோன்றும். கார் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். வளைய முடியாத நீள லாரிக்கு மட்டுமே விலக்கு.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இதைச் சமையலறையிலேயே பழகலாம். ஒரு சாப்பாட்டுத் தட்டு, நடுவில் டம்ளர், விளிம்பில் ஐந்து தீக்குச்சி, காருக்கு ஒரு ரூபாய் நாணயம். ஒருவர் 'ரெண்டாவது', 'நாலாவது' என்று சொல்லட்டும். நாணயத்தை நகர்த்துபவர் லேனையும் இன்டிகேட்டரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவைத் திருத்தவும் செய்வார்கள்.

ஒன்வே

கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்களே, அந்த ஒன்வே கூட்டத்தைப் பொறுத்தது. போலீஸ்காரர் நின்று சொல்வது. அங்கே ஒன்வே தெரு எந்த நாளும் ஒன்வே. சொல்வதற்கு ஆள் கிடையாது, பலகை மட்டும்தான்.

அதில் வடிவத்தைக் கவனியுங்கள். நீலச் செவ்வகத்தில் மேல்நோக்கிய வெள்ளை அம்பு என்றால் இது ஒருவழித் தெரு. அதே அம்பு நீல வட்டத்துக்குள் இருந்தால் 'நேராக மட்டும் போ' என்ற கட்டளை. அந்தச் சாலையில் எதிரே வண்டி வரலாம். வட்டத்தைச் செவ்வகம் என்று நினைத்து வலப்பாதிக்குப் போனால் எதிரில் வரும் காரின் முகத்தைப் பார்ப்பீர்கள். முக்கோணத்துக்குள் மேலும் கீழுமாக இரண்டு அம்புகள் தெரிந்தால், எதிர்வண்டி வருகிற சாலை முன்னால் இருக்கிறது. ஒருவழி முடியும் இடத்தில் இதைப் பார்க்கலாம்.

மெர்ஜ்

மோட்டார்வேயில் சேரும் பக்கச் சாலைக்கு ஸ்லிப் ரோடு என்று பெயர். வழி உள்ளே ஓடுபவருடையது. இடைவெளி பார்த்துச் சேர வேண்டியது நீங்கள். மலை ஓட்டுநர் இங்கே செய்யும் தவறு, மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைப்பது. மோட்டார்வேயில் கார் வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர். நீங்கள் 50 கிலோமீட்டரில் நுழைந்தால் பின்னால் வருபவருக்கு நீங்கள் நடுரோட்டில் நிற்கிற வண்டி மாதிரி. ஸ்லிப் ரோட்டிலேயே வேகத்தை ஏற்றி, வலது இன்டிகேட்டர் போட்டு, கண்ணாடியும் தோள்பக்கமும் பார்த்து, ஓடுபவர்களின் வேகத்துக்கு வந்த பிறகு சேருங்கள்.

சாலை வேலை நடக்கும் இடத்தில் 'மெர்ஜ் இன் டர்ன்' என்று இருக்கும். அது வேறு. வண்டிகள் ஊர்ந்து போகும்போது இரண்டு லேனிலும் கடைசி வரை வந்து, அந்த லேனில் ஒன்று, இந்த லேனில் ஒன்று என்று மாறி மாறி நுழைவது. ஜிப் பூட்டுவது போல. காலியாக இருக்கும் லேனில் கடைசி வரை போவது குறுக்குப் புத்தி என்று கூச்சப்பட வேண்டாம். பலகை கேட்பதே அதைத்தான்.

டைவர்ஷன்

மழைக்காலத்தில் குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் யாராவது கை காட்டி 'கோத்தகிரி வழியா போங்க' என்பார்கள். அங்கே 'ரோடு குளோஸ்டு' என்ற பலகையும், மஞ்சளில் 'டைவர்ஷன்' என்ற அம்பும்தான் இருக்கும். சில இடங்களில் ஊர்ப் பெயருக்குப் பதில் மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு கறுப்பு வடிவம்: சதுரம், முக்கோணம், வட்டம் அல்லது சாய்சதுரம். முதல் பலகையில் எந்த வடிவத்தைப் பார்த்தீர்களோ அதையே ஒவ்வொரு சந்திப்பிலும் தேடிப் போக வேண்டும். உள் நிரம்பிய முக்கோணமும் வெறும் கோட்டு முக்கோணமும் வேறு வேறு வழிகள். வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள்: 'நிரம்பின முக்கோணம், நிரம்பின முக்கோணம்.'

வழிகாட்டிக் கருவிக்கு அடைப்பு தெரியாவிட்டால், மூடிய சாலைக்கே உங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கும். 'டைவர்ஷன் எண்ட்ஸ்' பலகை வரும் வரை அதன் குரலை அணைத்துவிடலாம். பிறகு அமெரிக்காவோ கனடாவோ போனால் இதே பலகை ஆரஞ்சு நிறத்தில் 'டீடூர்' என்று இருக்கும், கிவ் வே 'யீல்ட்' ஆகிவிடும். அங்கே வண்டி ஓடுவது வலப்பக்கம் என்பதால், ரவுண்டானா கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். நுழையும் முன் பார்க்க வேண்டியது இடப்பக்கம். தட்டில் நாணயத்தை அப்படியே திருப்பிச் சுற்றிப் பாருங்கள்.