வகிடு அகலமாகத் தெரிகிறதா? வெட்டிலும் உலர்த்துவதிலும் செய்ய வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் சலூனுக்குப் போன மாதம் ஓர் அக்கா வந்தார். இடுப்பு வரைக்கும் முடி. ஆனால் பின்னலின் நுனி சுண்டுவிரல் அளவுகூட இல்லை. "நுனியை மட்டும் கொஞ்சம் எடும்மா, நீளத்தில் கை வைக்காதே" என்றார். உட்கார வைத்து விளக்கைப் போட்டதும் நடு வகிடு பட்டையாகத் தெரிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அதே இடத்தில்தான் வகிடாம்.

எந்த வெட்டும் முடியின் எண்ணிக்கையைக் கூட்டாது. மண்டைத் தோல் தெரியாமல் பார்த்துக்கொள்வதும், நுனி அடர்த்தியாகத் தெரியும்படி செய்வதும்தான் நம்மால் முடிந்தது. அந்த அக்காவுக்குச் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு வெட்டுவது என்று பார்க்க வேண்டும். காய்ந்த முடியை முன்னால் போட்டு, அதன் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். எந்த இடத்திலிருந்து தாள் பளிச்சென்று தெரிகிறதோ, அதற்குக் கீழே இருப்பது நீளமே தவிர அடர்த்தி இல்லை. அக்காவுக்குத் தோளுக்குக் கீழே நாலு விரலிலேயே தாள் தெரிந்துவிட்டது. அவரே பார்த்துவிட்டு, "சரி, வெட்டு" என்றார். காறை எலும்பு உயரத்தில் ஒரே நேர்கோடாக வெட்டினேன். லேயர் நிறைய வேண்டாம், பல் கத்தரியும் வேண்டாம் என்று உங்கள் சலூனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டுமே நுனியிலிருந்து முடியை எடுத்துவிடும். நமக்கு அங்கேதான் முடி வேண்டும்.

அடுத்தது குளியல். எண்ணெய் வைப்பதானால் முந்தின இரவு வைத்து, காலையில் நன்றாக அலசிவிடுங்கள். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். வேரில் பட்டால் முடி மண்டையோடு படுத்துவிடும்.

இனி உலர்த்துவது. பெரிய வித்தியாசம் இங்கேதான். ஈர முடி எந்தப் பக்கம் சாய்ந்து காய்கிறதோ, அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அதனால் துண்டால் ஒற்றி எடுத்து, முக்கால்வாசி ஈரம் போகும்வரை விரலால் கோதியபடி டிரையர் காட்டுங்கள். பிறகு, இடப்பக்கம் விழ வேண்டிய முடியை வலப்பக்கம் தள்ளி, வேரில் காற்று படும்படி பிடியுங்கள். வலப்பக்க முடிக்கு இதையே மாற்றிச் செய்யுங்கள். வேரைத் தொட்டால் ஈரமே இருக்கக் கூடாது. கடைசியில் குளிர்காற்றை அரை நிமிடம் காட்டி, சூடு ஆறிய பிறகுதான் சீப்பை எடுக்க வேண்டும். சூட்டோடு வாரினால் தூக்கி நின்றதெல்லாம் படுத்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது நாள் முழுக்க நிற்காது. மதியம் படுத்துவிட்டால் தலையைக் குனிந்து விரலால் வேரை ஒருமுறை உதறிவிடுங்கள்.

வகிட்டைப் பழைய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி எடுங்கள். கூர்வால் சீப்பின் நுனியால் நேராக இழுக்காமல், கோலத்தில் நெளிக்கோடு போடுகிற மாதிரி இப்படியும் அப்படியுமாக இழுத்தால் தோல் ஒரே பட்டையாகத் தெரியாது. முதல் இரண்டு வாரம் முடி பழைய பக்கத்துக்கே ஓடும், விடாமல் செய்யுங்கள்.

அக்காவின் கணவரும் கூட வந்திருந்தார். அண்ணனுக்கு உச்சியிலும் நெற்றி ஓரங்களிலும் குறைவு. பக்கவாட்டு முடியை நீளமாக விட்டு, மேலே இழுத்துப் போட்டு ஜெல் தடவியிருந்தார். பக்கம் அடர்த்தியாக இருந்தால், மேலே இருக்கிற குறை இன்னும் தெரியும். அதனால் பக்கத்தை மெஷினில் நம்பர் 2 வைத்து ஒட்ட எடுத்து, மேலே சுமார் 4 சென்டிமீட்டர் விட்டு, முன்முடியைச் சற்று முன்பக்கமாக விழும்படி வெட்டினேன். உச்சிச் சுழியில் மட்டும் நீளத்தைக் குறைக்கவில்லை. அங்கே குட்டையாக்கினால் முடி குத்திட்டு நின்று தோலைக் காட்டும்.

ஜெல் முடிகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும், இடையில் தோல் தெரியும். அதற்குப் பதில் பளபளப்பில்லாத கிளே வாங்குங்கள். ஒரு பச்சைப்பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் காணாமல் போகும்வரை தேய்த்து, பின்னாலிருந்து முன்னால் வேரோடு தடவுங்கள். அண்ணன் மோட்டாரில் வேலைக்குப் போகிறவர். ஹெல்மெட் எப்படியும் முடியை அமுக்கிவிடும். அதனால் வீட்டில் எதுவும் தடவாமல், ஆபீஸ் போய் விரலை லேசாக நனைத்து வேரை எதிர்ப்பக்கம் தேய்த்துவிட்டு, அப்புறம் கிளே போடச் சொன்னேன்.

முடி நிறத்தில் தூவுகிற நார்த்தூள் பற்றி இருவருமே கேட்டார்கள். வகிட்டுக்கு நன்றாக உதவும். ஆனால் அது பிடித்துக்கொள்ள முடி இருக்க வேண்டும், வழுக்கையான இடத்தில் ஒட்டாது. மழையில் நனைந்தாலும் வியர்வை ஓடினாலும் வழியும்.

இவையெல்லாம் மெல்ல மெல்லக் குறைந்த முடிக்குத்தான். காசு அளவில் வட்டமாகக் கொட்டியிருந்தாலோ, திடீரென்று கொத்தாக வந்தாலோ, தோல் சிவந்து அரித்தாலோ சலூனுக்கு வருமுன் தோல் மருத்துவரைப் பாருங்கள். இறுக்கிப் பின்னுகிறவர்களுக்குக் காதோரத்தில் முடி குறைந்தால், அன்றே பின்னலைத் தளர்த்துங்கள்.

இந்த வெட்டு நிற்க ஆண்கள் 4 வாரத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 8 வாரத்துக்கு ஒருமுறையும் சரிசெய்துகொள்ள வேண்டும். அக்காவுக்கு அடுத்த முறை அரை அங்குலம் எடுத்தால் போதும்.