லாரி பில்லில் எல்ஆர் நம்பரைத் தேடுங்கள்

லாரி வாடகைக்குப் பணம் போடும் முன்னால், பில் நம்பரை விட்டுவிட்டு எல்ஆர் நம்பர், அதாவது அந்த லோடுக்கு டிரான்ஸ்போர்ட் தரும் லாரி ரசீதின் நம்பர், ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் ஷீட்டில் B நெடுவரிசையில் பழைய, புதிய எல்ஆர் நம்பர்கள் எல்லாம் இருந்தால், B2-வில் உள்ள நம்பருக்கு கீழே உள்ள ஃபார்முலாவை வேறு நெடுவரிசையில் போட்டால் போதும். விடை 1-க்கு மேல் வந்தால் பில்லை நிறுத்திவையுங்கள்.

```
=COUNTIF(B:B,B2)
```

ஒரே லோடுக்கு மறுபடி பில் போட்டால் பில் நம்பர் புதிதாகிவிடும், எல்ஆர் மாறாது. சேலத்திலிருந்து இந்தூர் போன எங்கள் ஜவ்வரிசி லோடு மார்ச்சில் தனி பில்லாகவும், ஏப்ரல் மொத்த பில்லுக்குள் ஒரு வரியாகவும் வந்திருந்தது, இரண்டிலும் அதே 38,000 ரூபாய்.

வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங்குக்கென்று தனியாக வரும் பில்லில் பழைய எல்ஆர் இருப்பது சரிதான். அங்கே வண்டி உள்ளே வந்து வெளியேறிய நேரத்தையும், நம் பக்கம் யார் ஒப்புக்கொண்டது என்பதையும் கேளுங்கள். அப்புறம், இரண்டு டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரே நம்பர் தற்செயலாக வரலாம், ஆளுக்கொரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள்.