உறைய வைத்த கருவுக்குக் கருப்பையைத் தயார்செய்தல்: முதல் குளிசையிலிருந்து ட்ரான்ஸ்பர் நாள் வரை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொழும்பிலோ சென்னையிலோ கரு உறைய வைத்திருக்கும் பெண்கள் முதலில் கேட்பது, “எத்தனையாம் திகதி ட்ரான்ஸ்பர்?” என்றுதான், அதாவது கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாள் எது என்று. லீவு போட வேண்டும், ரயிலுக்குப் புக் பண்ண வேண்டும், வீட்டில் பிள்ளையையோ வயதானவர்களையோ யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். கேள்வி நியாயமானது. ஆனால் மாதவிடாய் வந்த அன்றே அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பது விளங்கினால் இந்த மூன்று வாரமும் பதற்றமில்லாமல் போகும்.

குளிசை போட்டுத் தயார்செய்யும் முறையில் இரண்டு கட்டங்கள். முதலில் ஈஸ்ட்ரஜன், அது கருப்பையின் உட்படலத்தைத் தடிக்க வைக்கும். அடுத்தது புரொஜெஸ்டரோன், அது தடித்த படலத்தைக் கரு ஒட்டக்கூடியதாக மாற்றும். ஈஸ்ட்ரஜன் கட்டத்தை இழுக்கலாம். 10 நாள், 14 நாள், தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகலாம், கெடுதல் இல்லை. புரொஜெஸ்டரோன் தொடங்கிய பிறகு மட்டும் இழுக்க முடியாது. அது தொடங்கிய நேரத்திலிருந்து படலம் கருவை ஏற்கும் காலம் கணக்காக ஓடுகிறது. ஆகவே ட்ரான்ஸ்பர் திகதியை முடிவுசெய்வது முதல் புரொஜெஸ்டரோன்தான்.

படி 1: மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் ஸ்கான்

இரத்தம் போகும்போது ஸ்கானா என்று கூச்சப்பட வேண்டாம், இந்த நாளில் அதுதான் வழமை. யோனி வழியாகச் செய்யும் ஸ்கான், சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். வைத்தியர் இரண்டு விஷயம் பார்ப்பார். பழைய படலம் உதிர்ந்து மெல்லியதாக இருக்கிறதா, சூலகத்தில் ஹோர்மோன் சுரக்கும் கட்டியோ முன்கூட்டியே வளரத் தொடங்கிய முட்டைப் பையோ இருக்கிறதா என்பவை. படலம் ஏறக்குறைய 5 மி.மீ.க்குக் கீழே, சூலகம் அமைதி என்றால் அன்றே குளிசை தொடங்கலாம்.

நாள் தவறவிடக் கூடாததற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட்ரஜன் ஆரம்பத்திலேயே உடம்பில் ஏறினால், முட்டையை வளர்க்கச் சொல்லி மூளை அனுப்பும் ஹோர்மோன் அடங்கிவிடும். ஒரு கிழமை பிந்தித் தொடங்கினால் ஒரு முட்டை தன்பாட்டுக்கு வளர்ந்து வெடித்துவிடலாம். அப்போது உடம்பே புரொஜெஸ்டரோன் சுரக்கும், கணக்கு நம் கையைவிட்டுப் போய்விடும்.

முன்பு காலில் அல்லது நுரையீரலில் இரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ஈரல் வருத்தம் அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் முதல் குளிசைக்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு, இயற்கையாக முட்டை வெடிக்கும் மாதத்திலேயே கருவை வைக்கும் முறையும் இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

படி 2: ஈஸ்ட்ரஜன் குளிசை

பெரும்பாலும் கொடுப்பது ஈஸ்ட்ரடையோல் வலரேட், ஒரு குளிசை 2 மி.கி. நாளுக்கு மூன்று, மொத்தம் 6 மி.கி. என்பது வழமையான அளவு. சில வைத்தியர்கள் 4 மி.கி.யில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவார்கள். காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்தால் இடைவெளி சரியாக வரும். கைபேசியில் அலாரம் வையுங்கள்.

ஒன்று மறந்தால், நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்ததற்கான நேரமே வந்துவிட்டால் இரண்டைச் சேர்த்துப் போடாமல், கிளினிக்கிற்குச் சொல்லிவிட்டு வழக்கப்படி தொடருங்கள். ஈஸ்ட்ரஜன் கட்டத்தில் ஒரு குளிசை தவறியதால் மாதம் பாழாகிவிடாது, மறைப்பதுதான் பிழை. விரதம் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் வழக்கம் உள்ளவர்கள், இந்த மாதம் குளிசைக்கும் தண்ணீருக்கும் இடம் வைத்துத்தான் விரதத்தை அமைக்க வேண்டும்.

மார்பு கனப்பது, குமட்டல், இலேசான தலைவலி வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, நெஞ்சு நோவு, மூச்சு வாங்குவது, திடீரென்ற கடும் தலைவலி இவற்றில் ஏதாவது வந்தால் கிளினிக் திறக்கும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

“அக்கா, மாதுளம்பழம் சாப்பிட்டா படலம் தடிக்குமோ?” என்று கேட்காத ஆள் இல்லை. விருப்பமானால் சாப்பிடுங்கள். குளிசையின் இடத்தை அது பிடிக்காது.

படி 3: படலத்தை அளக்கும் ஸ்கான்

குளிசை தொடங்கி 10 நாள் அளவில் இது வரும். யாழ்ப்பாணத்திலேயே செய்து அறிக்கையைக் கொழும்புக்கு அனுப்புவதானால், நான்கு விஷயம் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். படலத்தின் தடிப்பு, அதன் தோற்றம், கருப்பைக்குள் நீர் நிற்கிறதா, சூலகத்தில் வளர்ந்த முட்டைப் பை உண்டா என்பவை. “எல்லாம் நோர்மல்” என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கம் உள்ள வைத்தியரால் எதையும் முடிவுசெய்ய முடியாது.

தடிப்பு என்பது கருப்பையை நெடுக்காகப் பார்த்து, மிகத் தடித்த இடத்தில் இரண்டு பக்கப் படலத்தையும் சேர்த்து அளப்பது. பெரும்பாலான கிளினிக்குகள் குறைந்தது 7 மி.மீ. எதிர்பார்க்கும். 8 வந்தால் நிம்மதி. 7க்குக் கீழே கர்ப்பம் தங்கவே தங்காது என்றில்லை, வாய்ப்புக் குறைகிறது என்பதே உண்மை. பத்து, பதினொன்று என்று ஏற ஏற வாய்ப்பும் ஏறிக்கொண்டே போகும் என்பதும் இல்லை. அதனால் பக்கத்துக் கட்டில்காரியின் 11ஐப் பார்த்து உங்கள் 8க்காகக் கவலைப்பட வேண்டாம்.

என் கண்ணுக்குத் தடிப்பைவிடத் தோற்றம்தான் அதிகம் சொல்லும். ஈஸ்ட்ரஜன் மட்டும் வேலைசெய்த படலம் ஸ்கானில் மூன்று வெள்ளைக் கோடாகத் தெரியும், நடுவே கருமை. புரொஜெஸ்டரோன் பட்டதும் கோடுகள் மறைந்து முழுவதும் வெள்ளையாகிவிடும். நாம் இன்னும் புரொஜெஸ்டரோன் தொடங்காமலே படலம் வெள்ளையாகத் தெரிந்தால், முட்டை வெடித்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். புரொஜெஸ்டரோன் 1.5 நனோகிராமுக்கு மேலே போயிருந்தால், வைத்தியர் பெரும்பாலும் அந்த மாதத்தை நிறுத்திவிடுவார். மனம் நோகும், ஆனால் கரு உறைநிலையில் பத்திரமாக இருக்கிறது. பிழையான நாளில் வைத்து அதை இழப்பதைவிட ஒரு மாதம் பொறுப்பது மேல்.

அறிக்கையில் அலகையும் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நனோகிராமிலும் சில நனோமோலிலும் தருகின்றன. ஒரு மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 3.18 நனோமோல். 4 என்று கண்டு பயந்து அழுதபின், அது நனோமோல், அதாவது 1.3 நனோகிராம்தான் என்று தெரியவருவதுண்டு.

ஒரு மாதத்தை முழுதாகப் பார்ப்போம்

கோப்பாயில் ஒரு தங்கச்சி, கொழும்பில் ஒரு 5ஆம் நாள் கரு, அதாவது ஆய்வுகூடத்தில் ஐந்து நாள் வளர்ந்த கரு, உறைய வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

3ஆம் திகதி செவ்வாய் மாதவிடாய். 4ஆம் திகதி ஸ்கானில் படலம் 3.8 மி.மீ., சூலகம் அமைதி. அன்றே 2 மி.கி. குளிசை மூன்று வேளை தொடங்குகிறாள். 14ஆம் திகதி ஸ்கான்: 6.4 மி.மீ., மூன்று கோடு தெளிவு, முட்டைப் பை இல்லை, புரொஜெஸ்டரோன் 0.4 நனோகிராம்.

6.4 என்றதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் விழும். ஆனால் கோடு தெளிவாக இருக்கிறது, முட்டை வெடிக்கவில்லை, அவசரம் எதுவும் இல்லை. வைத்தியர் அளவை 8 மி.கி. ஆக்கி, இரவுக் குளிசையை யோனி வழியாக வைக்கச் சொல்கிறார். அப்படி வைத்தால் மருந்து ஈரலுக்குள் போய்வராமல் கருப்பைக்குக் கிட்டவே சேரும். (இதை வைத்தியர் சொல்லாமல் நீங்களாகச் செய்யக் கூடாது. இரத்தத்தில் ஈஸ்ட்ரஜன் அளவு மிக அதிகமாகக் காட்டும், அறிக்கை பார்ப்பவர் குழம்புவார்.) 18ஆம் திகதி மறுபடி ஸ்கான்: 7.8 மி.மீ., மூன்று கோடு, புரொஜெஸ்டரோன் 0.5.

இப்போதுதான் திகதி சொல்லலாம். கரு ஆய்வுகூடத்துக்கு 25ஆம் திகதி புதன் வசதி. 5ஆம் நாள் கருவை, புரொஜெஸ்டரோன் ஐந்து முழு நாள் பட்டபின், அதன் 6ஆம் நாளில் வைக்க வேண்டும். 25இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 20ஆம் திகதி வெள்ளி முதல் நாள். 3ஆம் நாள் கருவாக இருந்தால் புரொஜெஸ்டரோனின் 4ஆம் நாளிலேயே வைப்பார்கள், ஆகவே உங்கள் கரு எத்தனையாம் நாளுடையது என்பதைக் கட்டாயம் கேட்டு வையுங்கள்.

படி 4: புரொஜெஸ்டரோன்

முதலாவதை எப்போது வைத்தீர்கள் என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். சொன்ன நாளில் தொடங்க மறந்துவிட்டால் உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் சொல்லுங்கள், அவர்கள் ட்ரான்ஸ்பரைத் தள்ளி வைப்பார்கள். சொல்லாமல் விட்டால் கருவும் படலமும் வெவ்வேறு நாளில் நிற்கும். ஈஸ்ட்ரஜனையும் நிறுத்தக் கூடாது, இரண்டும் சேர்ந்தே போகும்.

யோனி வழி மருந்தானால் 400 மி.கி. காலையும் இரவும் என்பது பரவலான அளவு. சில வகைகள் மெழுகுத் தன்மையானவை, நம்மூர் வெயிலில் இளகிவிடும். பெட்டியில் எழுதிய வெப்பநிலையைப் பார்த்து வையுங்கள், பயணத்தில் குளிர்ப்பையில் கொண்டுபோங்கள். கொஞ்சம் வெள்ளையாக வெளியே வழிவது சாதாரணம், மருந்தெல்லாம் போய்விட்டது என்று இன்னொன்று வைக்க வேண்டாம்.

நம் தங்கச்சி 23ஆம் திகதியே கொழும்புக்குப் போய்விடுகிறாள். இரவு பஸ்ஸில் விடிய இறங்கி நேரே ட்ரான்ஸ்பருக்குப் போவதை நான் விரும்புவதில்லை, ட்ரான்ஸ்பருக்கு முந்திய நாள் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு அதில் இடமில்லை. 24ஆம் திகதி காலை இரத்தத்தில் புரொஜெஸ்டரோன் பார்க்கிறார்கள்: 25 நனோமோல், அதாவது 8 நனோகிராமுக்குச் சற்றுக் கீழே. பல கிளினிக்குகள் 10 நனோகிராம் அளவையாவது எதிர்பார்க்கும். குறைந்ததால் அன்று மாலையே புரொஜெஸ்டரோன் ஊசி சேர்க்கப்படுகிறது, ட்ரான்ஸ்பர் திகதி மாறவில்லை. புரொஜெஸ்டரோனைப் போல வேலைசெய்யும் டைட்ரோஜெஸ்டரோன் குளிசை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது இந்தப் பரிசோதனையில் தெரியாது. எண் குறைவாக வந்ததாலேயே மருந்து வேலைசெய்யவில்லை என்றாகாது.

படி 5: ட்ரான்ஸ்பர் நாள்

25ஆம் திகதி காலை கருவை உருக்குவார்கள். உருக்கும்போது எல்லாக் கருவும் தப்பும் என்ற உறுதி இல்லை, அதனால் கைபேசியைத் திறந்தே வைத்திருங்கள். காலை மருந்துகளை வழக்கப்படி எடுங்கள். ஸ்கானுக்கெல்லாம் வெறும் சிறுநீர்ப்பையோடு போனீர்கள், இன்று எதிர்மாறு, அளவாக நிரம்பியிருக்க வேண்டும். வயிற்றின் மேலிருந்து ஸ்கான் பார்த்துக்கொண்டுதான் குழாயைச் செலுத்துவார்கள், நிரம்பிய பை கருப்பையைத் தெளிவாகக் காட்டும்.

அப்புறம் வீடு திரும்பியபின் குளிசைகளை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த முறையில் முட்டை வெடிக்கவில்லை, ஆகவே ஆரம்ப வாரங்களில் கர்ப்பத்துக்கு வேண்டிய ஹோர்மோனை உங்கள் சூலகம் தராது, மருந்துதான் தருகிறது. கர்ப்பம் தங்கினால் நச்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை, பெரும்பாலும் 10 முதல் 12 வாரம் வரை, தொடர்வார்கள். இடையில் இரத்தம் பட்டாலும் மாதவிடாய் வந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். கிளினிக்கிற்கு அழையுங்கள், குளிசையைப் போடுங்கள், சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அதன் முடிவைப் பார்த்து வைத்தியர் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்தலாம்.