அசடு வழிய ஒரு ஸ்மைலி: 🫠 அனுப்புவது எப்படி

போன மாதம் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய "சாப்பிட்டாச்சு, புளிக்குழம்பு கொஞ்சம் உப்பு" என்ற செய்தியை ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டேன். சமாளிக்க உருகும் முகத்தை அனுப்பினேன். "அது என்ன கட்டம்?" என்று மேனேஜர் கேட்டார். அசடு வழிந்தது இரட்டிப்பானது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டது இது.

1. கீபோர்டின் எமோஜி தேடலில் melting என்று தட்டுங்கள். விண்டோஸ் 11-இல் `Win + .` அழுத்தித் தேடலாம். ஸ்மைலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடாதீர்கள், கண் வலிக்கும்.

2. எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். எமோஜி என்பது படம் இல்லை, ஓர் எழுத்து. இதன் எண் `U+1FAE0`. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தரத்தின் 14.0 பதிப்பில், 2021-இல்தான் இது சேர்ந்தது, ஐபோனுக்கு 2022 மார்ச்சில் iOS 15.4 மூலம் வந்தது. நீங்கள் அனுப்புவது எண் மட்டும்தான், அதற்குரிய படம் வாங்குபவரின் போனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டம்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸப் தன் சொந்தப் படங்களை வைத்திருப்பதால், பழைய போனாக இருந்தாலும் வாட்ஸப்பைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஸ்எம்எஸ்ஸில் பெரும்பாலும் போனின் எழுத்துருதான் கதி. மேனேஜர் வாட்ஸப்பை அப்டேட் செய்தார், முகம் உருகியது.

3. எங்கே போடுவது? இதில் முகம் குட்டையாகக் கரைந்தாலும் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுதான் இதன் அர்த்தமே. 😳 திடுக்கிட்ட வெட்கம், 😅 தப்பித்த நிம்மதி. 🫠 என்றால் தப்பிக்கவும் இல்லை, சிரிப்பதைத் தவிர வழியும் இல்லை. அசடு வழிவது என்று நாம் சொல்வதை யாரோ வரைந்துவிட்ட மாதிரி! உண்மையில் இதை முன்மொழிந்த ஜெனிஃபர் டேனியலும் நீல் கோனும் தொடங்கியது ஜப்பானிய மங்காவிலிருந்து. அங்கே கூச்சப்படும் பாத்திரம் சில சமயம் காகிதமாக மாறிப் பறந்துபோகும்.

என் பழக்கம்: ஒரே ஒரு முகம், அதுவும் வாக்கியத்தின் கடைசியில். "தப்பான குரூப், மன்னிக்கவும் 🫠" போதும். மூன்று போட்டால் மன்னிப்பு கேலியாகிவிடுகிறது. நிஜமாகவே ஒருவரைப் புண்படுத்தியிருந்தால் இது வேண்டவே வேண்டாம், அந்தச் சிரிப்பு உறுத்தும்.

பின்சேர்க்கை: "சென்னை வெயிலுக்குப் போட்டேன், என்னடா ஆச்சு என்று தங்கை பதறிப் போன் செய்தாள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வெயிலுக்கும் இது பொருந்தும், ஆனால் தனியாக அனுப்பாதீர்கள். "பஸ்ஸில் ஏசி இல்லை 🫠" என்றால் குழப்பமில்லை. வெறும் சூடு என்றால் எனக்கு 🥵 பிடிக்கும்.